இருபது சீட்டும் ஒரு டம்ளர் டிகாக்ஷனும்

ஐயா, எங்கள் நகரில் டயாலிசிஸ் நோயாளிகளுக்காக ஒரு நிதி நிகழ்ச்சி நடந்தது. குலுக்கல் சீட்டு ஒன்று 100 ரூபாய். ஃபிரிட்ஜ், வெட் கிரைண்டர், மிக்ஸி என்று மூன்று பரிசு. மொத்தம் 400 சீட்டு போனதாக மேடையில் சொன்னார்கள். நான் 20 சீட்டு வாங்கினேன். "இருபது சீட்டுக்கு இருபது மடங்கு வாய்ப்பு, மூன்று பரிசு இருப்பதால் அறுபது மடங்கு, ஒன்றாவது விழும் அண்ணி" என்றார் என் கொழுந்தனார். ஒன்றும் விழவில்லை. ஒரே ஒரு சீட்டு வாங்கிய எதிர்வீட்டு அக்காவுக்கு ஃபிரிட்ஜ் விழுந்தது. அடுத்த வருஷமும் நடத்தப் போகிறார்களாம். கூடக் கூட வாங்கினால் வாய்ப்பு எப்படி ஏறுகிறது? எத்தனையில் நிறுத்த வேண்டும்?
– வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்

அம்மா, உங்கள் கொழுந்தனார் கணக்கில் முதல் பாதி ஏறக்குறைய சரி. இருபது மடங்கு இல்லை, பத்தொன்பது மடங்கு. அந்த ஒரு மடங்கு எங்கே போனது என்பதில்தான் உங்கள் முதல் கேள்விக்கான பதில் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மொத்தம் 400 சீட்டு, அதில் 20 உங்களுடையது. அப்படியானால் மற்றவர்கள் கையில் இருந்தவை 380. நீங்கள் ஒரே ஒரு சீட்டோடு நிறுத்தியிருந்தால் பெட்டியில் 400 இருந்திருக்காது, 381தான் இருந்திருக்கும். ஃபிரிட்ஜ் உங்களுக்கு விழ வாய்ப்பு 381-இல் 1. இருபது வாங்கியதால் 400-இல் 20, அதாவது 5 சதவீதம். இந்த இரண்டையும் வகுத்துப் பாருங்கள், 19.05 வரும். அடுத்த பத்தொன்பது சீட்டை வாங்கியபோது உங்கள் பக்கம் கூடியது போலவே பெட்டியும் கூடியது. உங்கள் சீட்டுக்கு உங்கள் சீட்டே போட்டி.

வகுப்பில் இதைச் சொல்ல நான் காபியைத்தான் எடுத்துக்கொள்வேன். ஒரு பாத்திரத்தில் 380 மில்லி பால் இருக்கிறது. அதில் டிகாக்ஷனை ஒவ்வொரு மில்லியாக விடுகிறீர்கள். முதல் மில்லிக்கும் இரண்டாவதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் கசப்பைக் கூட்டும். ஆனால் பாத்திரமும் ரொம்பிக்கொண்டே வருகிறது. போகப் போக, விடுகிற டிகாக்ஷன் ஏற்கெனவே விட்ட டிகாக்ஷனோடும் சேர்ந்துதான் கலக்கிறது. பாதிக்குப் பாதி வேண்டுமென்றால் இன்னொரு 380 மில்லி டிகாக்ஷன் வேண்டும். முழு டிகாக்ஷனாக மட்டும் அது ஒருநாளும் ஆகாது, பால் அங்கேயேதான் இருக்கிறது.

இதையே சீட்டாக மாற்றிப் படியுங்கள். பத்து சீட்டு வாங்கினால் 390-இல் 10, சதவீதத்தில் 2.56. இருபதுக்கு 5. நாற்பதுக்கு 10 வரும் என்று நினைப்போம், 9.52தான் வரும். ஃபிரிட்ஜுக்குப் பாதி வாய்ப்பு, அதாவது நாணயம் சுண்டுகிற அளவு வாய்ப்பு வேண்டுமானால் நீங்கள் 380 சீட்டு வாங்க வேண்டும். அதற்கு 38,000 ரூபாய். அந்தப் பணத்தில் கடைக்குப் போனால் சாதாரண ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் இரண்டு வாங்கலாம், குலுக்காமலே.

"இன்னொரு சீட்டு வாங்கினால் வாய்ப்பு இரட்டிப்பாகும்" என்று மேசையில் விற்கிற பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள். ஒரே ஒரு சீட்டு வைத்திருப்பவருக்கு அது உண்மை: 381-இல் 1 என்பது 382-இல் 2 ஆகும். இருபது வைத்திருப்பவருக்கு இருபத்தோராவது சீட்டு 5 சதவீதத்தை 5.24 ஆக்கும், அவ்வளவுதான். அதற்காக இருபத்தோராவது சீட்டு வீண் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் சீட்டு தந்தது 0.26, இது தருவது 0.24. இரண்டுக்கும் 100 ரூபாய்தான். 380 சீட்டு வாங்கி முடித்தவருக்குத்தான் அடுத்த சீட்டின் பலன் முதல் சீட்டில் கால்வாசியாக இறங்கியிருக்கும். உங்களைப் போல் பத்து இருபது வாங்குபவர்களுக்கு ஏற்றம் கிட்டத்தட்ட நேர்க்கோடு. திடீரென்று வாய்ப்பு குதிக்கிற மந்திர எண் எதுவும் நடுவில் இல்லை.

இதெல்லாம் விற்ற சீட்டின் அடிக்கட்டை மட்டும் பெட்டிக்குள் போகிற குலுக்கலுக்கு. சில இடங்களில் அச்சடித்த எல்லாச் சீட்டின் அடிக்கட்டையும் போட்டுவிடுவார்கள். 600 அச்சடித்து 400 விற்றிருக்கிறது என்று வையுங்கள். விற்காத சீட்டு வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்க வேண்டும். "திரும்ப எடுப்போம்" என்றால் கவலை இல்லை. விற்காதது வரும்போதெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தால், கடைசியில் அது 400-க்குள் நடக்கிற குலுக்கல்தான், உங்கள் 5 சதவீதம் அப்படியே இருக்கும். "பரிசு எங்களிடமே நிற்கும்" என்றால் உங்கள் வாய்ப்பு 600-இல் 20, அதாவது 3.33. அந்த மாதிரிக் குலுக்கலில் நீங்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பெட்டியில் இருப்பது 600தான் என்பதால், ஒவ்வொரு சீட்டும் கடைசிவரை ஒரே அளவு ஏற்றம் தரும். கோடு வளையவே வளையாது, ஆனால் தாழ்வாக ஓடும்.

இனி கொழுந்தனாரின் இரண்டாம் பாதி. மூன்று பரிசு இருப்பதால் மூன்றால் பெருக்கி அறுபது மடங்கு என்றார். 5 சதவீதத்தை மூன்றால் பெருக்கினால் 15 வருகிறது. இங்கேதான் படித்தவர்களும் வழுக்கி விழுகிறார்கள். இந்தக் கணக்கு தவறு என்று காட்ட, சீட்டைக் கூட்டிப் பார்த்தால் போதும். 400-இல் 200 சீட்டு உங்கள் கையில் இருக்கட்டும். ஒரு பரிசுக்கு 50 சதவீதம், மூன்றுக்கு 150 சதவீதமா? நூற்றுக்கு மேல் வாய்ப்பு என்று ஒன்று கிடையாது.

சரியான வழி, விழாமல் போகிற வாய்ப்பைக் கணக்கிடுவது. முதல் பரிசு எடுக்கும்போது உங்கள் சீட்டு வராமல் போக 400-இல் 380 வாய்ப்பு. எடுத்த சீட்டு வெளியே போய்விட்டது. இரண்டாவதுக்கு 399-இல் 379, மூன்றாவதுக்கு 398-இல் 378. மூன்றையும் பெருக்க வேண்டும்:

380/400 × 379/399 × 378/398 = 0.857

ஆக, வெறுங்கையோடு வீட்டுக்குப் போக 85.7 சதவீதம். ஏதாவது ஒன்றாவது விழ மிச்சம் 14.3. பதினைந்துக்கும் இதற்கும் உள்ள 0.7 எங்கே என்றால், உங்களுக்கே இரண்டு பரிசு விழுகிற அபூர்வத்தில் ஒளிந்திருக்கிறது. பெருக்கல் கணக்கு அந்த நாளை இரண்டு முறை எண்ணிவிடுகிறது. இருபது சீட்டுக்கு இந்தப் பிழை சின்னது, அதனால் கொழுந்தனாரைத் திட்ட வேண்டாம். இருநூறு சீட்டுக்குப் பார்த்தால் 150 என்று வந்தது உண்மையில் 87.6. சீட்டு கூடக் கூடப் பெருக்கல் பொய் சொல்லிக்கொண்டே போகும். ஒன்றாவது விழ வேண்டும் என்பவருக்கு அடுத்தடுத்த சீட்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பலன் குறைவதற்கு இது இரண்டாவது காரணம். "ஒருவருக்கு ஒரு பரிசுதான்" என்று விதி வைத்திருந்தாலும் உங்கள் கணக்கு 14.3-ஐ ஒட்டித்தான் நிற்கும், உங்களுக்கு இரண்டாவதாக விழ வேண்டியது வேறொருவருக்குப் போகும்.

85.7 சதவீதம் என்பது ஏழில் ஆறு. ஆக, நீங்கள் பார்த்தது விதிவிலக்கான துரதிர்ஷ்டம் இல்லை, இருபது சீட்டு வாங்கியவருக்குச் சாதாரணமாக நடப்பது. இதே அளவு சீட்டு, இதே 20 என்று ஏழு வருஷம் வாங்கினால் சராசரியாக ஒரு பரிசு வீட்டுக்கு வரும், பெரும்பாலும் ஃபிரிட்ஜாக இருக்காது. ஏழு வருஷமும் ஒன்றுமே வராமல் போகவும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதற்குள் 14,000 ரூபாய் போயிருக்கும்.

எதிர்வீட்டு அக்காவுக்கு வருகிறேன். அவருக்கு ஃபிரிட்ஜ் விழ வாய்ப்பு 400-இல் 1, கால் சதவீதம். உங்களுடையது அதைப்போல் இருபது மடங்கு. இருந்தும் அவர் ஜெயித்தது அநியாயமாகப் படுகிறது. ஆனால் அன்று அந்த மண்டபத்தில் ஒரே சீட்டு வாங்கியவர் அவர் மட்டும்தானா? ஒற்றைச் சீட்டுக்காரர்கள் 150 பேர் இருந்தார்கள் என்று வைத்துக்கொண்டால், ஃபிரிட்ஜ் அவர்களில் யாரோ ஒருவருக்குப் போக 400-இல் 150, அதாவது 37.5 சதவீதம். நிறைய ஒற்றைச் சீட்டு விற்ற குலுக்கலில் "ஒரே சீட்டு வாங்கினாள், விழுந்துவிட்டது பார்" என்ற பேச்சு மூன்று தடவைக்கு ஒரு தடவையாவது எழத்தான் செய்யும். உங்களுக்கு அது எதிர்வீடாக அமைந்துவிட்டது.

எத்தனையில் நிறுத்துவது? கணக்கு இதற்கு நேராக ஒரு எண்ணைத் தராது, ஏனென்றால் கோட்டில் முழங்கை மாதிரி மடிகிற இடம் இல்லை என்று மேலே பார்த்தோம். ஆனால் பணப் பக்கத்திலிருந்து ஒரு பதில் உண்டு. பரிசுகளின் கடை விலையைக் கூட்டுங்கள். உங்கள் ஊர் விலை தெரியாததால் ஃபிரிட்ஜ் 18,000, கிரைண்டர் 5,000, மிக்ஸி 3,000, ஆக 26,000 என்று நானே வைத்துக்கொள்கிறேன். அதை 400 சீட்டால் வகுத்தால் ஒரு சீட்டுக்கு 65 ரூபாய். நீங்கள் கொடுத்தது 100. மிச்ச 35 ரூபாய் சராசரியில் திரும்பி வராது. இருபது சீட்டில் 2,000 கொடுத்து, சராசரியில் 1,300-க்கு ஈடான வாய்ப்பை வாங்கினீர்கள், 700 நன்கொடை.

இன்னும் வாங்கினால் இது சரியாகும் என்று ஒருநாளும் நினைக்காதீர்கள், மோசம்தான் ஆகும். இன்னொரு 100 சீட்டு நீங்களே வாங்கினால் பெட்டியில் 500, ஒரு சீட்டின் சராசரி மதிப்பு 52 ரூபாய்க்கு இறங்கிவிடும், உங்கள் பழைய இருபதும் சேர்த்துத்தான். இரண்டு சம்பந்தி வீட்டார் ஒருவரைப் பார்த்து ஒருவர் கட்டுக் கட்டாக வாங்கி ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். இருவர் வாய்ப்பும் முன்போல் ஏறுவதில்லை, ஒற்றைச் சீட்டு வாங்கிய பாட்டிகளின் வாய்ப்புதான் கரைகிறது. நோயாளிகளுக்கு நல்லது, அதில் எனக்கு மறுப்பில்லை.

அதனால் நான் செய்வது இது. நிகழ்ச்சிக்கு எவ்வளவு கொடுப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுவேன். குலுக்கலின் சுவாரசியத்துக்கு ஐந்து சீட்டு, மீதிப் பணத்தை ரசீது போட்டு நேராக நிதியில். பரிசுகள் யாரோ உபயமாகத் தந்தவை என்றால் சீட்டுப் பணம் முழுவதும் நோயாளிகளுக்கே போகிறது, அப்போது சீட்டாக வாங்கினாலும் ரசீதாகக் கொடுத்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். பரிசுகளைச் சீட்டுப் பணத்திலிருந்தே வாங்குகிறார்கள் என்றால் உங்கள் 100-இல் 65 பரிசுக் கடைக்கும் 35 மட்டும் நோயாளிக்கும் போகிறது. இதைக் கேட்காமல் வாங்காதீர்கள். கடைசி நேரத்தில் வாங்குவதிலும் ஒரு வசதி உண்டு: சீட்டின் வாய்ப்பு வாங்கிய நேரத்தால் மாறாது, ஆனால் எத்தனை விற்றிருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். மழை பெய்து கூட்டம் குறைந்த மாலையில் 150 மட்டும் விற்றிருந்தால் ஒரு சீட்டின் சராசரி மதிப்பு 173 ரூபாய், தைரியமாக வாங்கலாம்.

நடத்துகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-இல் தடை வந்தது. பஸ் ஸ்டாண்டு வாசலில் கம்பியில் தொங்கிய சீட்டுகளெல்லாம் அதோடு போயின. காசு வாங்கிச் சீட்டு விற்றுப் பரிசு குலுக்குவது, நல்ல காரியத்துக்கே என்றாலும், சட்டத்தின் கண்ணில் எப்படிப் படும் என்பதை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொண்டு அச்சுக்குக் கொடுப்பது நல்லது.

இவ்வளவு கணக்கும் ஒரே ஒரு நிபந்தனையில் நிற்கிறது: பெட்டிக்குள் எல்லா அடிக்கட்டைக்கும் சமவாய்ப்பு இருக்க வேண்டும். பல வருஷத்துக்கு முன் ஒரு குலுக்கலுக்கு என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். ஒரு புத்தகத்துக்கு 20 சீட்டு, மொத்தம் 20 புத்தகம். அடிக்கட்டைகளை வரிசையாகக் கிழித்து ஒரு பிளாஸ்டிக் குடத்தில் போட்டிருந்தார்கள். குடத்தை இரண்டு தட்டு தட்டிவிட்டு ஒரு சின்னப் பிள்ளையைக் கையை விடச் சொன்னார்கள். குடத்தின் வாய் குறுகல், பிள்ளையின் கையோ சின்னது. மேலே இருந்ததைத்தான் எடுக்க முடியும். மூன்று பரிசும் கடைசி இரண்டு புத்தகத்திலிருந்தே வந்தன. நன்றாகக் கலந்த 400-இல் குறிப்பிட்ட 40 சீட்டுக்குள்ளேயே மூன்றும் விழ வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றைவிடக் கொஞ்சம் குறைவு. யாரும் திருடவில்லை, யாரும் கலக்கவுமில்லை. கடைசியாக வந்து வாங்கியவர்கள் கொண்டாடினார்கள், நான் வாயைத் திறக்காமல் சால்வையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க அமெரிக்கா 1969 டிசம்பர் 1-ஆம் தேதி பிறந்த நாட்களைக் குலுக்கியது. ஒவ்வொரு தேதியும் ஒரு சின்னக் குப்பிக்குள். மாதவாரியாகப் போட்டுச் சரியாகக் கலக்காததால் வருஷக் கடைசி மாதங்களில் பிறந்த பையன்களின் தேதிகள் முன்னதாக வந்துவிட்டன. முன்னதாக வந்தால் முன்னதாகப் போர்முனை.

அடுத்த வருஷம் குலுக்குமுன் பெட்டியைப் போய்ப் பாருங்கள். அடிக்கட்டைகள் தனித்தனியாகக் கிழிந்திருக்கின்றனவா, பின் அடித்த கொத்தாகக் கிடக்கின்றனவா? எல்லாம் ஒரே மாதிரி மடிக்கப்பட்டிருக்கின்றனவா? சிலது மடித்தும் சிலது விரித்தும் இருந்தால், துழாவுகிற விரலில் மடித்தது முதலில் சிக்கும். குடத்துக்குப் பதில் வாய் அகன்ற அண்டா வைக்கச் சொல்லுங்கள். கல்யாண மண்டபத்தில் சாதம் வடிக்கிற அண்டா இருக்கும். அடியிலிருந்து மேலே வருகிற மாதிரி இரண்டு பேர் கையை விட்டுப் பிரட்டட்டும், ஒவ்வொரு பரிசு எடுத்த பிறகும் மறுபடி. எடுக்கிற பிள்ளைக்குக் கண்ணைக் கட்டினால் மட்டும் போதாது, கை அடிவரை எட்ட வேண்டும்.